‘ஏன்’ என்ற சொல்லில்தான் சிக்கல்
“குறுஞ்செய்தியின் கடைசியில் ஒரு சிரிப்பு ஸ்மைலி போட்டால் தொனி தெளிவாகிவிடும்” என்பார்கள். ஆகாது, “ஏன் நேற்று வரேல்ல?” என்று எழுதிவிட்டுச் சிரிப்பைப் போட்டால் குத்திக்காட்டுவதாகத்தான் படும். நேரில் குரலை இறக்கிக் கேட்டால் அதே ‘ஏன்’ அக்கறை. திரையில் குரல் இல்லை, அதனால் காரணம் கேட்கிற அதட்டல் மட்டும் மிஞ்சுகிறது. வாசிக்கிறவர் ஏற்கெனவே வராத குற்ற உணர்வில் இருந்தால் இன்னும் மோசம். ‘ஏன்’ஐ எடுத்துவிட்டு, “நேற்று உப்புவெளிக்கு வரேல்லயே, காய்ச்சலோ?” என்று எழுதிப் பாருங்கள். ‘யே’ தேடினோம் என்கிறது. ‘ஓ’ ஒரு காரணத்தை நாமே நீட்டுகிறது, அவர் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். குரல் செய்யும் வேலையைத் தமிழில் இந்தச் சின்ன இடைச்சொற்கள் செய்கின்றன, ஸ்மைலி அல்ல. ஆனால் அவர் “ஓம்” என்று மட்டும் எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்போது “இப்ப எப்படி?” என்று கேட்டால் இன்னொரு “பரவாயில்லை”தான் வரும். முதலில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றைக் கொடுத்து, பிறகு ஒரே ஒரு கேள்வி: “கடல் நல்லா அமைதியா இருந்தது, சின்னவன் கரையை விட்டு வரமாட்டன் எண்டு அழுதவன். ஞாயிறு உப்புவெளிக்கே போவமா, இல்லாட்டி நிலாவெளிக்கோ?” இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வதால் “ஓம்” என்று முடிக்க முடியாது. மூன்று கேள்வியை ஒன்றாக அனுப்பாதீர்கள், கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். உண்மையிலேயே கோபம் என்றால் இதெல்லாம் உதவாது, அழைத்துப் பேசுங்கள்.