வால்டேர் அதைச் சொல்லவில்லை

நேற்று நீங்கள் பகிர்ந்த அந்த மேற்கோள் படத்தைப் பற்றித்தான். "உன்னை ஆள்வது யார் என்று தெரிய வேண்டுமா? யாரை விமர்சிக்க உனக்கு அனுமதியில்லை என்று பார்." கீழே பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயர். அது அவர் சொன்னதில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு எத்தனை ஏச்சு!

மறுபடி சொல்கிறேன், வால்டேர் அதைச் சொல்லவில்லை. அவர் 1778-இல் இறந்தவர். அந்த வரியின் மூலம் 1993-இல் கெவின் ஸ்ட்ரோம் என்ற அமெரிக்க நவநாஜி எழுதி வானொலியில் பேசிய உரை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே 'யூதர்கள்தான் நம்மை ஆள்கிறார்கள்' என்ற பதிலுக்குக் கொண்டுபோகத்தான். பிறகு யாரோ வரியைச் சுருக்கி, பதிலை வெட்டி, கீழே வால்டேர் பெயரை ஒட்டிவிட்டார்கள். அதிகாரத்தைக் கிண்டல் செய்து பாஸ்டில் சிறைக்குப் போனவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2015-இல் ஒரு ஆஸ்திரேலிய செனட்டரே இதை வால்டேர் பெயரில் பகிர்ந்தார்.

"யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதானே?" என்கிறீர்கள். யார் சொன்னாலும் ஒன்றுதான் என்றால் வால்டேர் பெயர் எதற்கு? பெயரைப் பார்த்துத்தானே பகிர்ந்தீர்கள்?

எல்லாத் தவறும் மோசடி என்று நான் சொல்லவில்லை. "நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிர் உள்ளவரை காப்பேன்" என்பதும் வால்டேர் சொன்னதல்ல. 1906-இல் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வால்டேரின் மனப்பான்மையை விளக்க எழுதிய வாக்கியம் அது. மேற்கோள் குறிக்குள் போட்டதால் வால்டேர் பேச்சாகிவிட்டது. தன் வாக்கியம்தான் என்று ஹாலே பின்னால் தெளிவுபடுத்தினார். அது பிழை. நேற்றைய படம் அப்படி இல்லை.

ஒருவர் "இணையத்தில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள் - ஆபிரகாம் லிங்கன்" என்ற படத்தைப் பதிலாகப் போட்டார். சிரிப்புக்குறிகள் குவிந்தன. அது நல்ல நகைச்சுவைதான், ஏனென்றால் பொருந்தாமை கண்ணெதிரே தெரிகிறது. வால்டேர் படத்தில் அது மறைந்திருக்கிறது. அதனால்தான் அது ஏமாற்று.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். முன்பு என் கட்டுரை ஒன்றின் உச்சியில் ஒரு பத்திரிகை என்னைக் கேட்காமலேயே 'செய்ததையே திரும்பச் செய்துவிட்டு வேறு முடிவை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம்' என்ற வரியை ஐன்ஸ்டைன் பெயரில் போட்டது. அவர் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. வாசகர்கள் என்னைத்தான் திட்டினார்கள். நான் எழுதாததற்கு நான் பதில் சொன்னேன். அப்புறம், இறந்தவர்களால் அதைக்கூடச் செய்ய முடியாதே!

"எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் ஏது?" சரி. நூல் பெயர், ஆண்டு இரண்டும் இல்லையென்றால் பகிராதீர்கள், அவ்வளவுதான். வால்டேர் என்றால் பிரெஞ்சு மூலம் இருக்க வேண்டும். இதற்கு இல்லை.

படத்தை நீக்கச் சொல்லவில்லை. கருத்துதான் முக்கியம் என்பவர்கள் வால்டேர் பெயரை எடுத்துவிட்டு 'கெவின் ஸ்ட்ரோம், நவநாஜி, 1993' என்று போட்டு இன்றே பகிருங்கள். எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று பார்க்கலாம்.