வயது என்று போட்ட இடத்தில் பிறந்த வருடத்தை எழுதிப் பாருங்கள்

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். மூளைத் திறன் தேர்வில் எந்த வயதினர் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்று காட்டும் அந்த வரைபடம், பலரும் பகிர்ந்து நம் எல்லோர் கண்ணிலும் பட்டாயிற்று. இருபது வயதில் உச்சியில் தொடங்கி எண்பது வயதில் தரையைத் தொடும் ஒரே கோடு. "முப்பதைத் தாண்டினால் மூளை சரிவுதான்" என்று மேலே ஒரு வரி. பகிர்ந்தவரை விடுங்கள், கீழே வந்து எழுதியவர்களைத்தான் என்னால் விட முடியவில்லை. "இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு", "வீட்டுப் பத்திரத்தை இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க". படித்தவர்கள் எழுதியது இது. அதில் இரண்டு பேர் என்னிடம் புள்ளியியல் படித்த மாணவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு 2024இல் ஒரே ஒருமுறை எடுத்தது. இருபது வயதுக்காரரும் எண்பது வயதுக்காரரும் அதே சில மாதங்களுக்குள் அதே கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னார்கள். அதில் வயதாகிக்கொண்டே போன மனிதர் ஒருவர்கூட இல்லை. எண்பது வயதுப் பாட்டி இருபது வயதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருப்பார் என்று யாரும் அளக்கவில்லை. அளக்காத ஒன்றிலிருந்து அவர் சரிந்துவிட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் படத்தில் 20, 40, 60, 80 என்று வயது போட்டிருக்கிறதே, அதை அழித்துவிட்டு 2004, 1984, 1964, 1944 என்று பிறந்த வருடத்தை எழுதுங்கள். கோடு அப்படியே இருக்கும், ஒரு புள்ளிகூட நகராது. ஆனால் இப்போது படம் வேறு கதை சொல்லும்: பின்னால் பிறந்தவர்கள் இந்தத் தேர்வில் அதிகம் வாங்குகிறார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. 1944இல் பிறந்த பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்த 1956இல் பன்னிரண்டு வயது. அந்த வயதில் எத்தனை கிராமங்களில் பெண்ணைப் பள்ளியில் விட்டுவைத்தார்கள்? அவரையும் பொறியியல் படிக்கும் பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேனாவைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வித்தியாசம் முழுவதும் வயதால் வந்தது என்கிறீர்கள்.

இதில் மூன்று சங்கதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உடம்புக்கு வயதாவதால் வருவது வயது விளைவு, அது எந்தக் காலத்தில் பிறந்தவருக்கும் வரும். எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் அடித்துப் போடுவது காலகட்ட விளைவு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் யாரைக் கேட்டாலும் மழை என்றால் பயம் என்றார்களே, பத்து வயதுப் பிள்ளையிலிருந்து தாத்தா வரைக்கும், அது மாதிரி. மூன்றாவது, ஒரே சமயத்தில் பிறந்து ஒரே மாதிரிப் பள்ளியும் சாப்பாடும் நோயும் பார்த்து வளர்ந்தவர்கள் ஆயுசுக்கும் சுமக்கும் அடையாளம். ஆங்கிலத்தில் கோஹார்ட் என்பார்கள். நாம் "எங்க செட்டு" என்போம், அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஆய்வு எடுத்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழித்தால் வயது வந்துவிடும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக முடிவாகிவிடுகிறது. ஒரே வருடத்தில் எடுத்த ஆய்வில் வயதும் செட்டும் ஒரே ஆளின் இரண்டு பெயர்கள். எந்தக் கணினி நிரலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. "பல்லாயிரம் பேரிடம் எடுத்தது மேடம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, பத்து லட்சம் பேரிடம் எடுத்தாலும் இதேதான். எண்ணிக்கை கூடினால் கோடு வழவழப்பாகும், அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956இல் சியாட்டில் பகுதியில் இதே மாதிரி ஆய்வுதான் எடுத்தார். இருபதுகளிலிருந்து எழுபது வயது வரை ஐந்நூறு பேர். சொற்பொருள், தர்க்கம், கணக்கு, படத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பது, வார்த்தை சரளம் என்று ஐந்து திறன்கள். அவருக்கும் இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு அப்புறம் இறங்கும் கோடுதான் வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்தியிருந்தால் அவர் படத்தையும் இன்று நீங்கள் பகிர்ந்துகொண்டிருப்பீர்கள். அவர் நிறுத்தவில்லை. ஏழு வருடம் கழித்து, 1963இல், அதே ஆட்களைத் தேடிப் போனார். முந்நூற்று மூன்று பேர் திரும்ப வந்தார்கள். கூடவே புதிதாகவும் ஒரு பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். பிறகு ஒவ்வோர் ஏழு வருடமும் இதையே செய்தார். பழையவர்களை மறுபடி பார்ப்பது, புதியவர்களைச் சேர்ப்பது என்று 2005 வரைக்கும்.

இதில் என்ன தெரிகிறது என்று ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். 1903இல் பிறந்தவருக்கு 1956இல் வயது 53. அதே 1956இல் அறுபது வயதானவர் 1896இல் பிறந்தவர், அவர் மதிப்பெண் குறைவு. முதல் ஆய்வின் கோட்டை நம்பினால், 53 வயதுக்காரர் 1963இல் அறுபதைத் தொடும்போது அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கு இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான திறன்களில் அப்படி இறங்கவில்லை. 1903இல் பிறந்தவர்கள் தங்கள் பழைய மதிப்பெண்ணை ஒட்டியே நின்றார்கள். ஐம்பதுகளின் கடைசி வரை பெரிய மாற்றம் இல்லை, அறுபதுகளில்தான் மெல்ல இறக்கம் தொடங்கியது. முதல் படத்தில் சரிவு என்று தெரிந்ததில் பெரும் பங்கு 1896 செட்டுக்கும் 1903 செட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம். இரண்டு செட்டுக்கும் கிடைத்த பள்ளிப் படிப்பு ஒன்றல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, கணக்குத் திறன். அந்த ஆய்வில் எண் கணக்கில் உச்சம் தொட்டது 1924ஐ ஒட்டிப் பிறந்த செட். அதற்குப் பின்னால் பிறந்தவர்கள் அவர்களைவிடக் குறைவு. அதனால் அந்தச் செட்டுக்கு வயதான பிறகு ஒருமுறை மட்டும் எடுக்கும் ஆய்வு, கணக்கில் மட்டும் வயதானவர்களை உள்ளதைவிட நன்றாகவே காட்டிவிடும். உண்மையான இறக்கம் ஒளிந்துகொள்ளும். ஆக, நான் முதியவர்களுக்கு வக்காலத்து வாங்கத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரிப் படம் சில நேரம் அவர்களுக்குச் சாதகமாகவும் தவறு செய்யும். தவறு தவறுதான்.

"அப்போ வயசானா மூளைக்கு ஒண்ணுமே ஆகாதா?" என்று கேட்பீர்கள், தெரியும். ஆகும். வேகம் குறையும், அது மற்றவற்றுக்கு முன்பே குறையத் தொடங்குகிறது. எண்பதைத் தாண்டினால் பல திறன்களும் குறையும். இதை நான் எங்கே மறுத்தேன்? எவ்வளவு, எந்த வயதில் என்பதுதான் கேள்வி. அந்தப் படம் அதற்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான் என் வாதம்.

விவரம் தெரிந்த ஒருவர் உள்பெட்டியில் வந்து, ஷாய் ஆய்விலும் ஓட்டை இருக்கிறது என்றார். இருக்கிறது. ஐந்நூறில் ஏறக்குறைய இருநூறு பேர் திரும்பி வரவில்லையே, வராதவர்களில் நோயாளிகளும் தளர்ந்தவர்களும் அதிகம் இருப்பார்கள். வந்தவர்களுக்கோ இரண்டாம் தடவை தேர்வு பழகியிருக்கும். இரண்டும் சேர்ந்து நிலைமையைக் கொஞ்சம் நல்லதாகக் காட்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் அதே செட்டிலிருந்து தேர்வையே பார்க்காத புதியவர்களையும் எடுத்தார்கள். சரிவு முன்னதாகவே தொடங்குகிறது என்று இன்றும் வாதாடும் ஆய்வாளர்கள் உண்டு. வாதாடட்டும், அது நியாயமான சண்டை. ஆனால் அந்தச் சண்டையில் இருப்பவர்கள் வருடக்கணக்காக ஆட்களைப் பின்தொடர்ந்தவர்கள். நீங்கள் ஒரு படத்தை ஃபார்வர்டு செய்தவர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அம்மாதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அம்மா 1952இல் பிறந்தவர். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தது. போன வருடம் ஒரு மருத்துவ முகாமில் ஞாபகத் தேர்வு வைத்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93 சொன்னார், 86 சொன்னார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பேனா கையில் நிற்கவில்லை. மூலை ஒன்று காணாமல் போயிற்று. தாளில் ஒரு எண்ணை வட்டமிட்டு, "வயசாச்சில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் இடுக்குப் புள்ளிக் கோலம், 15 புள்ளியில் தொடங்கி 8 வரைக்கும். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் போட்டார். ஒரு புள்ளி பிசகினால் மொத்தக் கோலமும் கோணலாகிவிடும், பிசகவில்லை. ஐங்கோணம் வரையத் தெரியாதவர் என்று பெயர் வாங்கி இருபது மணி நேரம்கூட ஆகவில்லை. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி, "அந்தப் பரீட்சைல நான் ஃபெயிலா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு மறதி வந்திருக்கிறதா என்றால், கொஞ்சம் வந்திருக்கலாம். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார், என்னைத் தங்கை பெயரில் கூப்பிடுகிறார். அது கூடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், போன வருட அம்மாவை இந்த வருட அம்மாவோடு ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் குறித்து வைக்கிறேன். பேத்தியோடு ஒப்பிட்டு என்ன தெரியும்? அவள் இங்கிலீஷ் மீடியம், அம்மா ஐந்தாவது. அதைத் தெரிந்துகொள்ளத் தேர்வு எதற்கு?

அந்தப் படத்தை எங்கள் குடும்பக் குழுவிலும் ஒருவர் போட்டார். அடியிலேயே, அம்மா பெயரில் இருக்கும் நிலத்தைச் சீக்கிரம் எழுதி வாங்கிவிடலாம், பிற்பாடு அவருக்குப் புரியாது என்று தம்பி எழுதினான். அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். அன்றைக்கு ராத்திரி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டின் கீழே பிறந்த வருடங்களை எழுதி, அதே படத்தைக் குழுவில் போட்டிருக்கிறேன். தம்பிக்குத் தனியாகவும் அனுப்பினேன். நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது.