டியூஷன் எடுத்ததை அனுபவம்னு போடலாமா?

"ரெண்டு வருஷம் வீட்டுல டியூஷன் எடுத்தேன், ரெஸ்யூமேல அனுபவம்னு போட்டா பொய்யாகிடுமா?"

பொய் ஆகாது, ஆனால் எந்தப் பெயரில் போடுகிறீர்கள் என்பது முக்கியம். ஆசிரியர் தேர்வுக்கு வந்த ரெஸ்யூமேக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஹோம் டியூஷன் எடுத்தேன்" என்று கடைசி வரியில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் "2 வருட ஆசிரியர் அனுபவம்" என்று மொட்டையாக எழுதிவிட்டு, எந்தப் பள்ளி என்று கேட்டதும் திணறுவார்கள்.

அனுபவப் பகுதியிலேயே இப்படி எழுதுங்கள்: "தனிப்பயிற்சி ஆசிரியர், கணிதம். ஜூன் 2022 – மார்ச் 2024. 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 4 பேர், வாரம் 6 மணி நேரம்." மணி நேரத்தைப் போட்டுவிட்டால் முழுநேர வேலை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் அதன் கீழே, நீங்கள் உண்மையில் செய்த ஒன்றை எழுதுங்கள். ஒரு பெண் எழுதியிருந்தார்: மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான், மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிறான் என்று கண்டுபிடித்து, காகிதத்தை மடித்துக் காட்டி, விடை பாதியைவிடக் குறைவாக வரவே முடியாது என்று அவனையே சொல்ல வைத்தாராம். நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

நாற்பது பேர் வகுப்பைச் சமாளிப்பீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், அந்த அனுபவம் இன்னும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பரிந்துரைக்கு ஒரு பெற்றோரின் பெயரைக் கொடுக்கலாம், முதலில் அவரிடம் கேட்டுவிட்டு. பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.