ரசீதின் பின்னால் ஒரு தேதி எழுதுங்கள்

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பயாப்சி ரிப்போர்ட் வாங்க, பேரணாம்பட்டிலிருந்து மூன்றாவது தடவையாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்த ஒரு ஆயாவை, "இன்னும் வரல, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ரிப்போர்ட் தாமதமானதை நான் குறை சொல்லவில்லை. எப்போது வரும் என்று சொல்லாததைத்தான் சொல்கிறேன். நான் பயாப்சி லேபில் டெக்னீஷியனாக இருந்தவன். நோயாளியிடம் சோதனைக்கு எடுத்த சதை முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்க மெஷினில் ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று மாறி மாறிப் போகும். மறுநாள் அந்த மெழுகுக் கட்டியை மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் வைத்துச் சாயம் ஏற்றினால்தான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். சின்னத் துண்டுக்கு மூன்று நான்கு வேலை நாள் ஆகும். எலும்பு என்றால் சுண்ணாம்பைக் கரைக்கவே தனியாகச் சில நாள். சதை இருக்கும் டப்பாவைக் கையில் வாங்கும்போதே இது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல என்ன கஷ்டம்?

"ஸ்லைடைப் பார்த்த பிறகு டாக்டர் கூடுதல் சாயம் போடச் சொன்னால்?" என்பார்கள். சரி, அது முன்கூட்டித் தெரியாது. ஆனால் சொன்ன அன்றைக்குத் தெரியுமே! அன்றே ஒரு போன் போடலாமே!

என் அப்பாவுக்குக் கழுத்துக் கட்டியில் வியாழக்கிழமை சதை எடுத்தார்கள். நாலு நாள் என்றார்கள். ஞாயிறையும் சேர்த்து எண்ணி, திங்கட்கிழமை ஆற்காட்டிலிருந்து போய் நின்றார். வேலை நாள் கணக்காம், செவ்வாய் சாயங்காலம் வரச் சொன்னார்கள். செவ்வாய் போனால், கூடுதல் சாயம், இன்னும் ஒரு வாரம். மெசேஜ் அனுப்பினோம் என்றார்கள். அது ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் போனுக்குப் போயிருந்தது. யார் போனுக்கு அனுப்பட்டும் என்று அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், கை வாய்க்குப் போகாது.

"கூட்டத்தில் யார் நின்று விளக்குவது?" என்றால், மூன்று தடவை வந்து நிற்பதும் அதே ஆயாதான். கூட்டம் எங்கிருந்து வருகிறது?

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. புற்றுநோய் என்ற வார்த்தையை ஒரு பாட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று பேரன் போனில் படிக்கக் கூடாது. டாக்டர் எதிரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் ரிப்போர்ட் வரும் நாளோடு டாக்டரின் ஓ.பி. நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் கவுண்டர், எத்தனை மணிக்கு மேல், மகனோ மகளோ ரசீதோடு வந்தால் கொடுப்பீர்களா, கிளம்பும் முன் எந்த எண்ணுக்குக் கேட்பது, எல்லாம் ரசீதின் பின்னால் பேனாவில் எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

நேற்று அந்த ஆயா தன் ரசீதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்திருந்தார். பிரித்துக் காட்டினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.