பாராட்டை நம்பி அச்சிட்ட பெட்டி

கீல் வைத்த சின்னப் பெட்டி. முப்பரிமாண அச்சுப்பொறி ஆறு மணி நேரம் ஓடி முடித்தது. திறக்கப் போனால் கீல் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. இணையத்தில் இந்த மாதிரியை இறக்கிய பக்கத்தின் கீழே பாராட்டு மழை. பாதிப் பேர் ‘அருமை, விரைவில் அச்சிடுகிறேன்’ என்கிறார்கள். அச்சிடாமலே என்ன அருமை? படங்களும் கணினியில் வரைந்த பளபளப்புதான். பரிந்துரையில் ‘அடுக்கு 0.2 மி.மீ., சப்போர்ட் வேண்டாம்’ என்பதோடு சரி; எந்த இழை, எவ்வளவு வெப்பம் என்ற பேச்சே இல்லை.

பிறகுதான் ரீமிக்ஸ், அதாவது அதே மாதிரியை மற்றவர்கள் திருத்தி ஏற்றிய வடிவங்களின் பட்டியலைத் திறந்தேன். மூன்று பேர் கீலின் இடைவெளியை 0.2 மி.மீ.இலிருந்து 0.4 ஆக்கி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். மூலத்தில் கோளாறு என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ‘கீல் அசையவில்லை’ என்று ஒருவர் படத்தோடு எழுதியதும் கண்ணில் பட்டது, பாராட்டுகளுக்கு அடியில், பதிலே இல்லாமல்.