51 மணி நேர உழைப்புக்கு 170 ரூபாயாம்!

சனிக்கிழமை சாயங்காலம், பட்டறையில் சம்பளம் போடும் நேரம். ஒருவர் ஆறு நாளும் எட்டரை மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார். எக்செல் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆறு கட்டத்திலும் 8:30 என்று அடித்து, கீழே கூட்டுத்தொகை போட்டேன். 3:00 என்று காட்டுகிறது. மூன்று மணி நேரமா? மிச்சத்தை யார் தின்றார்கள்? போகட்டும் என்று அதையே மணிக் கூலி 80 ரூபாயால் பெருக்கினால் 170 வருகிறது. மூன்று மணி நேரம் என்றே வைத்தாலும் 240 வரவேண்டாமா? கூலிக்காரர் எதிரே நிற்கிறார், எனக்கு வியர்க்கிறது.

கடுப்பில் அந்த மொத்தத்தின் ஃபார்மட்டை வெறும் எண்ணாக மாற்றினேன். 2.125 என்றது. அப்போதுதான் சங்கதி புரிந்தது. இந்தச் சனியன் மணியை மணியாக வைத்துக்கொள்வதே இல்லை! அதற்கு முழு நாள்தான் 1. மதியம் 12 மணி 0.5, காலை 9 மணி 0.375. எட்டரை மணி நேரம் என்றால் 8.5 வகுத்தல் 24, அதாவது 0.354 சொச்சம். அப்படி ஆறு சேர்ந்தால் 2.125 நாள். புள்ளிக்கு முன்னால் இருக்கும் 2 முழு நாட்கள், பின்னால் இருக்கும் 0.125 மூன்று மணி நேரம். சாதாரண மணி ஃபார்மட் கடிகார முள் மாதிரி. முழு நாட்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். ஆனால் பெருக்கும்போது 2.125 முழுவதையும் 80-ஆல் பெருக்கும். 170 வந்த கதை இதுதான்.

ஏன் இந்தக் கோணல் புத்தி என்றால், தேதியும் அதற்கு ஓர் எண்தான். 2024 ஜனவரி 1 என்பது 45292. அன்று காலை 9 மணி 45292.375. தேதியும் நேரமும் ஒரே எண்ணில் அடங்குவதால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே இடைவெளி கிடைக்கிறது. யோசனை நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதை 3:00 என்று முகமூடி போட்டுக் காட்டுவதுதான் வயிற்றெரிச்சல்.

மொத்தத்துக்கு இந்த ஃபார்மட்டைக் கொடுத்தால் 51:00 என்று ஒழுங்காகக் காட்டும்:

```
[h]:mm
```

கூலிக்கு நாளை மணியாக்க வேண்டும், அதற்கு 24-ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் B8-இல் இருந்தால்:

```
=B8*24*80
```

4,080 ரூபாய். அப்பாடா.

அடுத்து இரவு ஷிஃப்ட் வாட்ச்மேன். இரவு 10 மணிக்கு வந்து காலை 6:30-க்குப் போனவர். கழித்தால் கட்டம் முழுக்க #####. தேதி இல்லாமல் நேரம் மட்டும் அடித்ததால், 0.27-இலிருந்து 0.92-ஐக் கழிக்கச் சொல்கிறேனாம். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதற்கு மணியாகக் காட்டத் தெரியாது. A2-இல் வந்த நேரம், B2-இல் போன நேரம் என்றால் இப்படி எழுத வேண்டும்:

```
=MOD(B2-A2,1)
```

கழித்தல் குறி வந்தால் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு 8:30 என்று சொல்லிவிடும். அதுவும் 24 மணி நேரத்துக்குள் முடிகிற ஷிஃப்டுக்கு மட்டும்தான். ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து காவல் இருந்தால் தேதியையும் சேர்த்தே அடித்தாக வேண்டும். இந்த வாரம் அப்படி யாரும் இல்லை, தப்பித்தேன்.