‘கனி பறித்தான்’ல ப் வருமா?

“ஐ மறைஞ்சிருந்தாலும் இரண்டாம் வேற்றுமைதானே, அதனால ‘கனிப் பறித்தான்’னு எழுதினாதான் சரி.”

இல்லைங்க, ஐ வெளிப்படையா நின்னாதான் வல்லினம் மிகும், ‘கனியைப் பறித்தான்’ங்கற மாதிரி. ஐ மறைஞ்சு வினை வந்தா மிகாது, ‘கனி பறித்தான்’தான் சரி. அப்ப ‘தயிர்க்குடம்’ல க் வருதேன்னு கேட்டா, அதுவும் சரிதான், அங்கயும் ஐ மறைஞ்சிருக்கு, ஆனா விரிச்சுப் பாருங்க, ‘தயிரைக் கொண்ட குடம்’னு வரும், ‘கொண்ட’வும் சேர்ந்து மறைஞ்சதாலதான் அங்க மிகுது. கேள்வித்தாள்லயும் இப்படியே விரிச்சுப் பாருங்க: ஐ மட்டும் சேர்த்தா வாக்கியம் முடியுதுன்னா ஒற்று போடாதீங்க, நடுவுல ‘கொண்ட’ மாதிரி இன்னொரு சொல்லும் தேவைப்பட்டா போடுங்க. ஸ்கூல் தமிழ் புக்ல ‘வல்லினம் மிகா இடங்கள்’ பகுதியில இரண்டாம் வேற்றுமைத் தொகைய தேடிப் பாத்தா நீங்களே செக் பண்ணிக்கலாம். நான்காம் வேற்றுமைக்கு இதை அப்படியே பொருத்தாதீங்க, அது தனியா பாக்கணும்.